பெயர்ப்பலகையின் மனசாட்சி

2023 இறுதியில் எங்கள் தொழிற்சாலையில் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. மாதாந்திரக் கூட்டத்துக்கு வழக்கமாக வரும் பர்கர் பெட்டிகளும் காப்பிக் குவளைகளும் நின்றன. யாரும் அறிவிப்பு ஒட்டவில்லை, மின்னஞ்சலும் வரவில்லை. நாசி லெமாக் பொட்டலமும் தெ தாரிக்கும் மேசைக்கு வந்தன. அவ்வளவுதான். என் பக்கத்து இருக்கை மலாய் நண்பர் ஒருநாள் கேட்டார்: "உங்க ஆளுங்க என்ன செய்றாங்க? வாங்குறாங்களா, வாங்கலையா?" பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வாங்குவது, வாங்காமல் இருப்பது இரண்டுமே ஒரு கருத்தாக மாறிவிட்ட காலம் அது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கொள்கிறேன். நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை விட்டுவிடலாம். அந்தப் பெயர்ப்பலகைகள் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு வணிகப் பெயர் உலகத்தின் துயரங்களைப் பற்றி வாய் திறக்க வேண்டுமா?

வேண்டும் என்பவர்கள் சொல்வது: இத்தனை பணமும் செல்வாக்கும் வைத்துக்கொண்டு மௌனமாக இருப்பது அநீதிக்குத் துணை போவது. வேண்டாம் என்பவர்கள் சொல்வது: காப்பி விற்கிறவன் காப்பி விற்கட்டும். இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைக் கேட்காமலே ஏற்றுக்கொள்கின்றன. பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரே ஆள் இருக்கிறார், அவர் பேசலாம் அல்லது பேசாமல் இருக்கலாம் என்று நினைக்கின்றன. மலேசியாவில் நடந்ததைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்த ஒரே ஆள் காணாமல் போய்விடுகிறார்.

ஸ்டார்பக்ஸை எடுத்துக்கொள்வோம். 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு, அமெரிக்காவில் அந்த நிறுவனத்தின் ஊழியர்களைத் திரட்டிவந்த தொழிற்சங்கம் சமூக ஊடகத்தில் பாலஸ்தீனத்துக்கு ஆதரவாக ஒரு வரி போட்டது. சிறிது நேரத்தில் பதிவு நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் 'ஸ்டார்பக்ஸ் ஹமாஸை ஆதரிக்கிறது' என்று ஒரு தரப்பு கிளம்பிவிட்டது. நிறுவனம் தன் பெயரையும் சின்னத்தையும் சங்கம் பயன்படுத்தக் கூடாது என்று வழக்குப் போட்டது. சங்கமும் பதில் வழக்குப் போட்டது. உடனே இன்னொரு தரப்பு, 'பாலஸ்தீனத்தை ஆதரித்ததற்காகத் தன் தொழிலாளர்கள் மீதே வழக்குப் போட்ட நிறுவனம்' என்று புறக்கணிக்கத் தொடங்கியது. ஒரே செயலுக்கு இரண்டு திசையிலிருந்தும் அடி. இதில் இன்னொன்றும் உண்டு. அந்த நிறுவனத்துக்கு இஸ்ரேலில் ஒரு கடைகூடக் கிடையாது. 2003-இலேயே அங்கிருந்து வெளியேறிவிட்டது.

அடி விழுந்த இடம் எது? மலேசியாவில் அந்தப் பெயரை நடத்துவது பெர்ஜாயா ஃபூட் என்ற உள்நாட்டு நிறுவனம். கோலாலம்பூர் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அமெரிக்கத் தாய் நிறுவனம் கடைகளை வைத்திருக்கவில்லை. பெயரையும் செய்முறையையும் உரிமத்துக்குக் கொடுத்து, விற்பனையில் ஒரு பங்கை உரிமைத்தொகையாக வாங்கிக்கொள்கிறது. 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டில் பெர்ஜாயா ஃபூட்டின் வருமானம் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 38 விழுக்காடு சரிந்தது. அந்த மூன்று மாதத்தில் மட்டும் 42 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் நட்டம். 2024 மார்ச்சில் பெர்ஜாயா குழுமத்தின் நிறுவனர் வின்சென்ட் டான் பொதுவெளியில் வந்து வேண்டுகோள் விடுத்தார். இது மலேசியர்கள் நடத்தும் நிறுவனம், கடைகளில் வேலை செய்பவர்களில் 80 முதல் 85 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், புறக்கணிப்பால் யாருக்கும் பயனில்லை என்பது அவர் வாதம். மக்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகும் கடைகள் மூடப்பட்டுக்கொண்டுதான் இருந்தன.

இந்த ஒரு பெயருக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சியாட்டிலில் அறிக்கை எழுதும் நிர்வாகி. அவரோடு மோதும் தொழிற்சங்கம். கோலாலம்பூரில் உரிமம் வாங்கிய முதலாளி. சிரம்பானில் பச்சை ஏப்ரன் கட்டி நிற்கும் இருபது வயதுப் பெண். பேசியது ஒருவர், வழக்குப் போட்டது ஒருவர், நட்டப்பட்டது ஒருவர், வேலை போனது இன்னொருவருக்கு. கட்டடப் பொறியியலில் சுமைப்பாதை என்று ஒன்றைப் படிப்போம். கூரையில் விழும் பாரம் எந்தச் சட்டம் வழியாக, எந்தத் தூண் வழியாகத் தரைக்குப் போகிறது என்று கோடு போட்டுப் பார்க்க வேண்டும். பாரத்தை ஏற்றுகிறவன் ஒருவன், தாங்கும் தூண் வேறு. அந்தத் தூணைக் கேட்காமல் மேலே மாடி கட்டினால் கட்டடம் விழும். நிறுவனத்தின் சமூக நிலைப்பாட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். சொன்னது சரியா தவறா என்று கேட்பதற்கு முன்னால், சொன்னதன் பாரம் யார் தோளில் இறங்குகிறது என்று கோடு போட வேண்டும்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நியாயமா? இங்கேதான் 'காப்பிக்காரன் காப்பி விற்கட்டும்' என்ற வாதமும் உதைக்கிறது. அந்த நிறுவனம் காப்பியை மட்டும் விற்கவில்லை. 2015 மார்ச்சில், அதன் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் இருந்த காலத்தில், அமெரிக்கக் கடைகளில் ஊழியர்கள் குவளையின் மேல் இனப் பிரச்சினையைப் பற்றிப் பேசுவோம் என்ற பொருளில் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தார்கள். காலையில் அவசரமாக வேலைக்கு ஓடுகிறவனிடம் குவளையை நீட்டி இனவெறி பற்றிப் பேசச் சொன்னால் அவன் என்ன செய்வான்? கேலி குவிந்தது. ஒரு வாரத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். 2017 ஜனவரியில், ஐந்து ஆண்டுகளில் 10,000 அகதிகளுக்கு வேலை கொடுப்போம் என்று அறிவித்தார்கள். இந்த இரண்டாவது அறிவிப்பில் ஓர் எண் இருக்கிறது, ஒரு கெடு இருக்கிறது, வேலை கொடுப்பது அவர்கள் கையில் இருக்கிறது. அது வேறு ரகம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போதைக்கு இது: பல ஆண்டுகளாக 'எங்கள் குவளையில் காப்பியோடு விழுமியமும் இருக்கிறது' என்று சொல்லி, அதற்கும் சேர்த்து விலை வைத்து விற்ற பெயர், ஒருநாள் திடீரென்று 'நாங்கள் வெறும் கடைதான்' என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாமல் இருப்பது நியாயமும்கூட. முடி திருத்தும் கடைக்காரர் அரசியல் பேசாமல் இருந்தால் அது மௌனம் மட்டும்தான். தினமும் அரசியல் பேசிக் கூட்டம் சேர்த்தவர் ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் வாயை மூடிக்கொண்டால் அது ஒரு பேச்சு. நடுநிலை என்பது எல்லாருக்கும் எப்போதும் திறந்திருக்கும் வாசல் கிடையாது. விழுமியத்தை விற்றவர் அந்தக் கதவைத் தானே சாத்திக்கொண்டார்.

மெக்டொனால்ட்ஸின் கதை இதற்கு மறுபக்கம். இஸ்ரேலில் அந்தப் பெயரை நடத்திய உரிமதாரர் அங்குள்ள படைவீரர்களுக்கு இலவச உணவு கொடுத்தார். அது உலகம் முழுக்கப் பரவியது. மலேசியாவில் அந்தப் பெயரை நடத்துவது கெர்பாங் ஆலாஃப் ரெஸ்டாரண்ட்ஸ் என்ற வேறு நிறுவனம். தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கை விட்டார்கள். அத்தோடு பாலஸ்தீன மனிதாபிமான நிதிக்கு 1 மில்லியன் ரிங்கிட் கொடுத்தார்கள். அதாவது தெளிவாக ஒரு நிலைப்பாடு எடுத்தார்கள், மலேசிய வாடிக்கையாளர்களின் உணர்வோடு ஒத்துப்போகிற நிலைப்பாடு. பலன்? புறக்கணிப்பு நிற்கவில்லை. 2023 டிசம்பரில் அவர்கள் புறக்கணிப்பு இயக்கத்தின் மலேசியக் கிளை மீது அவதூறு வழக்குப் போட்டு 6 மில்லியன் ரிங்கிட் இழப்பீடு கேட்டார்கள். 2024 மார்ச்சில், சமரசப் பேச்சுக்குப் பிறகு, வழக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

கொடுத்த ஒரு மில்லியன் பொய்ப் பணமா? கிடையாது. மருந்தும் உணவும் வாங்கப் பயன்படும் உண்மையான பணம். ஆனால் மக்கள் அதை நிலைப்பாடாக எண்ணாமல் அபராதமாக எண்ணினார்கள். கேட்டால் "பயந்து குடுத்தது" என்பார்கள். அதன்பின் கேட்ட ஆறு மில்லியன் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்திவிட்டது. கொடுத்ததற்கும் கேட்டதற்கும் இடையே உள்ள கணக்கை ஆரம்பப் பள்ளிப் பிள்ளையும் போட்டுவிடும். வாடிக்கையாளர் என்ன நினைக்கிறார் என்று பார்த்து எடுக்கும் நிலைப்பாட்டின் பலவீனம் இதுதான். யாரைப் பார்த்து அதைச் சொல்கிறோமோ அவர்களுக்கே அது தங்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று தெரிந்துவிடுகிறது.

இதே சிக்கலின் இன்னொரு வடிவத்தைத் தமிழ்நாட்டுக்குத் தொடர்புள்ள ஒரு நிறுவனத்தில் பார்க்கலாம். தனிஷ்க் நகைக் கடை டைட்டன் நிறுவனத்துடையது. டைட்டன் என்பது டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது, தொழிற்சாலை ஓசூரில். 2020 அக்டோபரில் தனிஷ்க் ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. ஒரு முஸ்லிம் வீட்டில், அந்த வீட்டு மருமகளான இந்துப் பெண்ணுக்கு வளைகாப்பு நடக்கிறது. உங்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லையே என்று மருமகள் கேட்க, மகளைச் சந்தோஷமாக வைத்திருக்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டுதானே என்கிற அர்த்தத்தில் மாமியார் பதில் சொல்கிறார். அவ்வளவுதான் படம். 'லவ் ஜிகாத்' என்று சமூக ஊடகத்தில் புயல் கிளம்பியது. சில நாட்களில் படம் திரும்பப் பெறப்பட்டது. காரணமாக நிறுவனம் சொன்னதில் இரண்டு பகுதிகள்: புண்பட்ட உணர்வுகள், அத்தோடு ஊழியர்கள், பங்காளர்கள், கடைப் பணியாளர்கள் ஆகியோரின் நலன். குஜராத்தில் காந்திதாமில் உள்ள ஒரு கடையின் கதவில் மன்னிப்புக் கடிதம் ஒட்ட வேண்டியிருந்தது.

அப்போது நண்பர்கள் பலர் "கோழைங்க" என்று எழுதினார்கள். அதே நண்பர்களிடம் இன்னொரு விளம்பரத்தை நினைவுபடுத்துவேன். 2019-இல் சர்ஃப் எக்செல் ஹோலிப் பண்டிகைக்கு ஒரு படம் போட்டது. ஓர் இந்துச் சிறுமி தெருப் பிள்ளைகளின் வண்ணம் முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொண்டு, வெள்ளை உடையில் தொழுகைக்குப் போகும் முஸ்லிம் சிறுவனைப் பள்ளிவாசல் வரை கொண்டுபோய் விடுகிறாள். அதற்கும் இதே கோபம், இதே புறக்கணிப்பு முழக்கம். கோபத்தின் வேகத்தில் சிலர் கணினியில் கணக்குப் போடும் மைக்ரோசாஃப்ட் எக்செல் செயலிக்குப் போய் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஆனால் இந்துஸ்தான் யூனிலீவர் படத்தை எடுக்கவில்லை.

ஒரு நிறுவனம் தைரியசாலி, இன்னொன்று கோழை என்று சொல்லிவிடலாம். சுமைப்பாதையைக் கோடு போட்டுப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. சலவைத்தூள் லட்சக்கணக்கான மளிகைக் கடைகளில் பத்து வகைப் பொருட்களுக்கு நடுவே இருக்கிறது. கோபக்காரன் கல்லெறிய நினைத்தால் எந்தக் கடையில் எறிவான்? அதை விற்கும் அண்ணாச்சி சர்ஃபும் விற்கிறார், ஏரியலும் விற்கிறார். தனிஷ்குக்கோ ஊர் ஊராகக் கண்ணாடிக் கதவு போட்ட கடை உண்டு. வாசலில் பெயர் எழுதியிருக்கிறது. உள்ளே சேலை கட்டிய இரண்டு பெண்களும் ஒரு காவலாளியும் நிற்கிறார்கள். பெங்களூரில் குளிரூட்டிய அறையில் எடுத்த முடிவின் கடைசித் தூண் காந்திதாமில் அந்தக் கண்ணாடிக் கதவு. படத்தைத் திரும்பப் பெற்றது தவறு என்று என்னால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பாதுகாக்க என்ன செய்யப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் பெரிய வார்த்தை பேசியதுதான் தவறு. அதற்கு விலை கொடுத்தவர்கள் கடைக்காரர்கள் மட்டுமில்லை. அப்படிக் கலந்து மணம் செய்துகொண்டு வாழும் குடும்பங்கள், தங்கள் வாழ்க்கை ஒரு வாரத்துக்குள் 'நீக்கப்படக் கூடியது' என்று தெரிந்துகொண்டார்கள். சொல்லாமலே இருந்திருந்தால் அந்தக் காயமாவது இருந்திருக்காது.

வாடிக்கையாளர் கூட்டத்தைப் பார்த்து நிலைப்பாடு எடுப்பதில் இன்னும் ஆழமான ஒரு பிரச்சினை இருக்கிறது. 2009 மே மாதம் எனக்குப் பன்னிரண்டு வயது. ரஹாங்கில் எங்கள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் முள்ளிவாய்க்கால் செய்தியைப் பார்த்துப் பெரியவர்கள் அழுததை நினைவு வைத்திருக்கிறேன். எந்த பர்கர் கடையும் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. ஏன்? நாம் அந்தக் கடைகளின் கணக்கில் ஒரு காலாண்டு வருமானத்தை 38 விழுக்காடு சரிக்கக்கூடிய கூட்டம் கிடையாது. வாடிக்கையாளர்தான் நிறுவனத்தின் மனசாட்சிக்கு வழிகாட்டி என்றால், வாங்கும் சக்தி இல்லாத துயரத்துக்கு நாக்கு கிடையாது என்று அர்த்தம். இன்று காசாவுக்காகக் கடையைத் தாண்டிப் போகும் என் மலாய் நண்பரின் நேர்மையை நான் ஐயப்படவில்லை. அவர் நேர்மையானவர். ஆனால் அந்த நேர்மைக்கு நிறுவனம் தரும் பதில் சந்தையின் பதில்தான். அதை அறத்தின் பதில் என்று நாம் எடுத்துக்கொண்டால், அடுத்த முறை எண்ணிக்கையில் குறைந்தவர்கள் சாகும்போது அந்த அறம் பேசாது.

சரி, எப்போதுதான் பேசலாம்? இதற்குப் பதில் எங்கள் ஊர்ப்பக்கமே இருக்கிறது. ரஹாங் இப்போது சிரம்பானின் ஒரு பகுதி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கொஞ்சம் வண்டி ஓட்டினால் செம்பனைதான். லாபு பக்கம் ஒரு காலத்தில் கத்ரி தோட்டம் என்றால் தெரியாதவர் கிடையாது. அந்த கத்ரி 1981-இல் பிரிட்டிஷ்காரர் கையிலிருந்து மலேசியா கைக்கு வந்தது. 2007-இல் சைம் டார்பி, கோல்டன் ஹோப் ஆகியவற்றோடு இணைந்தது. சைம் டார்பி பிளாண்டேஷன் என்று இருந்த தோட்ட நிறுவனம் 2024-இல் பெயரை எஸ்டி கத்ரி என்று மாற்றிக்கொண்டது. பழைய பெயர் ஒரு சுற்று சுற்றித் திரும்பி வந்துவிட்டது.

2020 டிசம்பர் 30 அன்று அமெரிக்கச் சுங்கத்துறை இந்த நிறுவனத்தின் செம்பனை எண்ணெய் அமெரிக்காவுக்குள் வரத் தடை போட்டது. காரணம், தோட்டங்களில் கட்டாய உழைப்புக்கான அடையாளங்கள் இருப்பதாகச் சொன்னது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு அப்படி 11 அடையாளங்களை வகுத்திருக்கிறது. கடப்பிதழைப் பிடித்து வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, கடனில் கட்டிப்போடுவது முதலானவை. இந்தக் கடைசி ஒன்றை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வரும் தொழிலாளி ஊரில் முகவருக்குப் பணம் கட்டுகிறார். நிலத்தை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார். வந்து சேர்ந்ததும் முதல் ஒன்றிரண்டு வருடச் சம்பளம் அந்தக் கடனுக்கே போகிறது. தோட்டம் பிடிக்கவில்லை என்றாலும் போக முடியாது. யாரும் சங்கிலி போடத் தேவையில்லை, கடனே சங்கிலி.

இதைப் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. என் பாட்டியின் அப்பா கங்காணியோடு வந்தவர். கங்காணி ஊரில் முன்பணம் கொடுப்பார், கப்பல் செலவு பார்ப்பார், இங்கே வந்து பால்மரக் காட்டில் அதைக் கழிக்க வேண்டும். 1938-இல் இந்திய அரசு தடுத்த பிறகுதான் அந்த ஆள்பிடிப்பு நின்றது. எண்பது வருடம் கழித்து ஆள் மாறினார், மரம் மாறியது, கடன் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

நிறுவனம் முதலில் வழக்கமான அறிக்கைகளைத்தான் விட்டது. 2022 ஜனவரியில் தடை இன்னும் இறுகியது. பிறகு நடந்ததுதான் முக்கியம். வேலைக்கு வருவதற்காகக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க நிறுவனம் சுமார் 82 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. இப்போது வேலை செய்பவர்களுக்கு மட்டுமில்லை, வேலையை விட்டுப் போனவர்களுக்கும். 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. தடை வந்ததால்தானே கொடுத்தார்கள், தானாகவா கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தானாகக் கொடுக்கவில்லை. ஆனால் நான் பார்ப்பது மனத்தூய்மையை இல்லை. முடிவெடுத்தவர், அதை மாற்றும் கை, அதற்குப் பணம் கொடுப்பவர் மூன்றும் இங்கே ஒரே ஆள். பாரம் வேறு யார் தோளிலும் இறங்கவில்லை. 'உழைப்பாளரின் கண்ணியத்தோடு நாங்கள் நிற்கிறோம்' என்று சுவரொட்டி ஒட்டியிருந்தால் ஒரு தொழிலாளிக்கும் ஒரு வெள்ளி போயிருக்காது.

இதே செம்பனை எண்ணெயைப் பற்றி வெளிநாட்டில் எடுத்த நிலைப்பாடுகளோடு இதை வைத்துப் பாருங்கள். 2018-இல் ஐஸ்லாந்து என்ற பிரிட்டிஷ் பேரங்காடி, தன் சொந்தப் பெயரில் விற்கும் பொருட்களில் செம்பனை எண்ணெயைக் கைவிடுவதாக அறிவித்தது. காட்டை இழந்த ஓராங் ஊத்தான் குட்டியைக் காட்டும் ஒரு கேலிச்சித்திரப் படம் அந்த நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் விளம்பரமாகத் தொலைக்காட்சியில் வர இருந்து, அனுமதி மறுக்கப்பட்டு, அதனாலேயே உலகப் புகழ் பெற்றது. காடு அழிவது உண்மை. அந்த நிறுவனம் தன் பிஸ்கோத்தில் என்ன எண்ணெய் போடுவது என்பது அதன் கையில்தான் இருந்தது, ஆகவே அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படத்தில் இருந்தது ஓராங் ஊத்தானின் முகம். குலை வெட்டுகிறவரின் முகம் இல்லை. லண்டன் வாடிக்கையாளரின் கண்ணுக்கு எது தெரியுமோ அதுதான் விளம்பரத்துக்கு வரும். பார்வையாளர் வழிகாட்டும்போது பிரச்சினைகள் இப்படித்தான் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

என் மலாய் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் ஒரு மறுப்புச் சொன்னார். "அப்படின்னா தென்னாப்பிரிக்காவுல நிறவெறிக்கு எதிரா எந்த கம்பெனியும் ஒண்ணும் செஞ்சிருக்கக் கூடாதா? புறக்கணிப்பு அங்க ஜெயிச்சுதே?" நல்ல கேள்வி. பார்க்லேஸ் வங்கியை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் மாணவர்கள் பல ஆண்டுகள் அந்த வங்கியைப் புறக்கணித்தார்கள். 1986-இல் அது தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. ஆனால் மாணவர்கள் கேட்டது என்ன என்று கவனியுங்கள். வங்கி ஒரு கருத்துச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் வங்கி வைத்திருந்த சொந்தத் தொழிலை விடச் சொன்னார்கள். கேட்டது எதுவோ அது கேட்கப்பட்டவரின் கையில் இருந்தது. அந்த வழியில் பார்த்தால், மெக்டொனால்ட்ஸ் தலைமையகம் 2024 ஏப்ரலில் இஸ்ரேல் உரிமதாரரிடமிருந்து அங்குள்ள 225 உணவகங்களையும் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்ததும் மலேசியா கொடுத்த ஒரு மில்லியனைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி. என்ன நோக்கத்தில் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம். பெயரை வாடகைக்கு விட்டவர், அந்தப் பெயரில் நடப்பதற்கு இனித் தானே பொறுப்பு என்ற இடத்துக்குத் தள்ளப்பட்டார்.

நண்பர் அத்தோடு விடவில்லை. "கையில இருக்கறத மட்டும் செஞ்சா போதும்னா, பெரிய அநியாயத்துக்கெல்லாம் யாரு பேசறது?" என்றார். மனிதர்கள் பேச வேண்டும். பச்சை ஏப்ரன் கட்டியவரும் முதலாளியும் வாடிக்கையாளரும் நானும் அவரும். மனசாட்சி இருப்பது நமக்குத்தான். அதை ஒரு பெயர்ப்பலகையிடம் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, அது சரியாகப் பேசுகிறதா என்று காவல் காக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு பெண், கடையின் பெயரை எழுத வேண்டாம் என்றாள், அந்த மாதங்களில் வேலை முடிந்ததும் சீருடைச் சட்டையை மாற்றிவிட்டுத்தான் பேருந்து ஏறுவாள். பாலஸ்தீனத்துக்காக அவள் தன் சம்பளத்தில் மாதம் இருபது வெள்ளி பள்ளிவாசல் உண்டியலில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய நிலைப்பாடு அது. அவள் சட்டையின் நிலைப்பாடு என்ன என்று பேருந்தில் பார்ப்பவர்கள் தேடினார்கள்.

ஸ்டார்பக்ஸ் கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். 2016-இல் கோலாலம்பூர் பங்சாரில், காது கேளாத ஊழியர்கள் சைகைமொழியில் நடத்தும் கடை ஒன்றை அந்த நிறுவனம் திறந்தது. உலகத்திலேயே அந்தப் பெயரில் அப்படி ஒன்று அதுதான் முதல். முழக்கம் எதுவும் இல்லாமல், சம்பளப் பட்டியலில் எழுதப்பட்ட விழுமியம் அது. புறக்கணிப்பு வந்தபோது அந்தக் கடைக்கும் மற்றக் கடைகளுக்கும் வாசலில் ஒரே பெயர்தான் இருந்தது.

ஆகவே ஒரு நிறுவனம் நிலைப்பாடு எடுத்ததாகச் செய்தி வந்தால் நான் இப்போது மூன்று விஷயங்களைத் தேடுகிறேன். சொல்லப்படுவதை மாற்றும் சக்தி சொல்கிறவர் கையில் இருக்கிறதா? அதற்கான விலையை அவரே கொடுக்கிறாரா, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்பவர் கொடுக்கிறாரா? ஒரு தொகையும் ஒரு தேதியும் இருக்கிறதா? மூன்றும் இருந்தால் அதைக் கொஞ்சம் நம்புவேன், நோக்கம் என்னவாக இருந்தாலும். இல்லையென்றால் அது காப்பி விலையில் சேர்த்துக்கொண்ட இன்னொரு சுவை. தன் தோட்டத்தில், தன் சம்பளச் சீட்டில், தன் முகவரின் கணக்கில் நடக்கும் அநியாயத்தைப் பற்றி மட்டும் ஒரு நிறுவனம் மௌனமாக இருக்க உரிமை கிடையாது. அங்கே யார் வாடிக்கையாளர், அவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. மற்றதைப் பற்றி அது வாய் திறக்காவிட்டால் எனக்கு வருத்தமில்லை.